வாளிக் குளிப்பா, ஷவர் குளிப்பா? ஒரு வீட்டில் அளந்து பார்த்த தண்ணீர்க் கணக்கு

வரிப்பத்தான்சேனையில் பழையவர்களுக்குக் குளிப்பென்றால் இறக்காமம் குளம் அல்லது வளவுக் கிணறு. எங்கள் தலைமுறைக்கு அது குழாயும் வாளியுமாக மாறியது. பிள்ளைகளின் காலத்தில் ஷவராகி விட்டது. குளத்தில் குளித்தவர் எவ்வளவு தண்ணீர் செலவழித்தார் என்று யாரும் கேட்டதில்லை. குழாய்க்கு மீற்றர் பூட்டிய பிறகுதான் அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்தது.

எங்கள் வீட்டில் அது சென்ற வெயில் காலத்தில் வந்தது. நான், மனைவி, மாமி, மகன், மகள் என ஐந்து பேர். வழமையாக 15 அலகைச் சுற்றியிருந்த மாதத் தண்ணீர்ப் பட்டியல் 19 அலகைக் காட்டியது. ஓர் அலகு என்பது ஒரு கன மீற்றர், அதாவது 1,000 லீற்றர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையிலானது. முதல் அலகுகள் மலிவு, மேலே போகப் போக ஒவ்வோர் அலகும் விலை கூடும். ஆகவே கூடிய நான்கு அலகும் எங்கள் பட்டியலின் மிக விலையுயர்ந்த அலகுகள்.

"மருமகன், அந்த ஷவரப் பூட்டினதுல இருந்துதான் பில்லு ஏறுது" என்றார் மாமி. மகன் விடவில்லை. "உம்மம்மா, ஷவர்ல மெல்லிசா வார தண்ணி. வாளியிலதான் மொத்தமா ஊத்துறீங்க" என்றான். இருவருமே பார்த்ததைத்தான் சொன்னார்கள், ஆனால் ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் அளந்தேன். வந்த விடை இருவரும் சொன்னதல்ல. அதில் எனக்கும் ஒரு குட்டு இருந்தது.

அளக்கும் முறை

இதற்கு ஒரு பத்து லீற்றர் பெயின்ட் வாளியும் கைத்தொலைபேசியில் உள்ள செக்கன் கணக்கும் போதும். வாளியின் கொள்ளளவில் சந்தேகமிருந்தால் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலால் ஆறு தரமும், பிறகு மேலும் ஒரு லீற்றரும் ஊற்றி, பத்து லீற்றர் மட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். வாளியை ஷவரின் கீழ் பிடித்து, வழமையாகத் திறக்கும் அளவுக்கே திறந்து, அந்தக் கோடு வரை நிரம்ப எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பாருங்கள். 600ஐ அந்தச் செக்கன் எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்பது வரும்.

எங்கள் ஷவர் கூரைக்கு மேலுள்ள தாங்கியிலிருந்து ஓடுகிறது. தாங்கி நிறைந்திருந்தபோது 69 செக்கன் எடுத்தது, அடி வற்றும் நேரத்தில் 81 செக்கன். தண்ணீர் மட்டம் இறங்க அழுத்தம் குறைகிறது, அதனால்தான் இந்த வித்தியாசம். நடுவாக 75 செக்கன் என்று எடுத்தால் நிமிடத்துக்கு 8 லீற்றர். தாங்கியில்லாமல் வீதிக் குழாயிலிருந்து நேரே எடுப்பவர்கள் நண்பகலில் ஒரு தரமும் இரவு பிந்தி ஒரு தரமும் அளக்க வேண்டும். ஊர் முழுக்கத் தண்ணீர் எடுக்கும் நேரத்துக்கும் எல்லாரும் தூங்கும் நேரத்துக்கும் அழுத்தம் வெகுவாக மாறும்.

அதே வாளியைக் குளியலறைக் குழாயின் கீழும் வைத்தேன். 50 செக்கனில் நிரம்பியது, நிமிடத்துக்கு 12 லீற்றர். குழாய் ஷவரைவிட தாழ்வாக இருக்கிறது, வாயும் அகலம். ஆகவே ஒரு நிமிடத்தை வைத்துப் பார்த்தால் குழாய்தான் ஷவரைவிட அதிகம் கொட்டுகிறது. மகன் சொன்னதில் இந்தப் பாதி சரி.

பிறகு ஒரு கிழமைக்கு ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் தண்ணீரைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அல்லது எத்தனை வாளி எடுக்கிறார்கள் என்று குறித்தோம். சராசரி இப்படி வந்தது:

மாமி: வாளியை நிரப்பி, குழாயைப் பூட்டி, கப்பால் அள்ளிக் குளிப்பார். 20 லீற்றர்.
மனைவி: அதே முறை, நீண்ட முடி. 30 லீற்றர்.
மகள்: ஷவர் 6 நிமிடம். 48 லீற்றர்.
மகன்: ஷவர் 10 நிமிடம். 80 லீற்றர்.
நான்: வாளி. 66 லீற்றர்.

கடைசி வரியைப் பார்த்து வீடே சிரித்தது. வாளியில் குளிப்பவன் என்ற நினைப்பில் மகனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்த நான், மாமியைவிட மூன்று மடங்குக்கு மேல் செலவழித்திருக்கிறேன். காரணம், நான் குழாயைப் பூட்டுவதில்லை. வாளியைக் குழாயின் கீழ் வைத்துவிட்டு, அது நிரம்ப நிரம்ப அள்ளி ஊற்றுவேன். சவர்க்காரம் போடும்போது வாளி நிரம்பி வழிந்து ஓடும். அப்படி ஐந்தரை நிமிடம், நிமிடத்துக்கு 12 லீற்றர் வீதம், 66 லீற்றர். அதில் உடலில் பட்டது பாதிகூட இருக்காது.

ஆக நம் வீடுகளில் குளிப்பு இரண்டு வகையல்ல, மூன்று வகை: நிரப்பிப் பூட்டிய வாளி, திறந்த குழாயின் கீழ் வாளி, ஷவர். இரண்டாவதை முதலாவது என்று எண்ணிக்கொள்வதில்தான் கணக்குப் பிழைக்கிறது. நிரப்பிப் பூட்டிய வாளிக்கு ஓர் எல்லை உண்டு, தண்ணீர் முடிவது கண்ணுக்குத் தெரியும். மற்ற இரண்டுக்கும் எல்லை நேரம் மட்டுமே. குளிக்கும்போது நேரம் எவருக்கும் சரியாகத் தெரிவதில்லை. மகன் தன் குளிப்பு "அஞ்சு நிமிஷம்" என்றுதான் கடைசி வரை சாதித்தான்.

எத்தனை நிமிடத்தில் ஷவர் வாளியை மிஞ்சும்?

இந்த அளவுகள் கையிலிருந்தால் வாதத்தை ஒரே வகுத்தலில் முடிக்கலாம். நீங்கள் வாளியில் குளிக்கப் பயன்படுத்தும் லீற்றரை, ஷவர் ஒரு நிமிடத்துக்குக் கொட்டும் லீற்றரால் வகுங்கள். வருகிற நிமிடத்துக்குள் குளித்து முடித்தால் ஷவர் சிக்கனம், அதற்கு மேல் போனால் வாளி சிக்கனம். 25 லீற்றரில் குளிப்பவருக்கு எங்கள் ஷவரில் அந்த எல்லை மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். தாங்கி உயரமாக உள்ள மாடி வீட்டிலோ, அழுத்த மோட்டர் பூட்டிய வீட்டிலோ ஷவர் நிமிடத்துக்கு 12 லீற்றர் கொட்டினால் எல்லை இரண்டு நிமிடத்தோடு முடிந்துவிடும். அழுத்தம் குறைந்து 5 லீற்றர் மட்டுமே வரும் வீட்டில் ஐந்து நிமிடம் வரை ஷவரில் நிற்கலாம். ஆகவே ஒரு வீட்டு விடையை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: குடிக்க, சமைக்க, குளிக்க, கழுவ என எல்லாவற்றுக்குமாக ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லீற்றர் தேவை என்பது ஐக்கிய நாடுகள் சபை சொல்லும் அளவு. தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரம் கடும் வரட்சியில் தவித்த 2018 பெப்ரவரியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 லீற்றர் என்று எல்லை வைத்தது. மகனின் ஒரு குளிப்பு அதைத் தாண்டியது. என்னுடையதும்தான்.

ஷவரில் எதை மாற்றுவது?

முதலில் பலருக்கும் தோன்றுவது தண்ணீர் சேமிக்கும் ஷவர் தலை வாங்குவது. வெளிநாட்டுக் கட்டுரைகளும் அதைத்தான் முதலில் சொல்லும். ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் 1992 இல் வந்த சட்டம் ஷவர் தலைக்கு நிமிடத்துக்கு இரண்டரை கலன், அதாவது ஏறத்தாழ 9.5 லீற்றர் என்று உச்ச எல்லை வைத்தது. அந்த அளவு சோதிக்கப்படும் அழுத்தம், தண்ணீரை 56 மீற்றர் உயரத்தில் வைத்தால் கீழே கிடைக்கும் அழுத்தம். எங்கள் தாங்கியோ ஷவருக்கு மேலே இரண்டரை முதல் மூன்றரை மீற்றர்தான். அழுத்தம் நாலில் ஒன்றானால் ஓட்டம் பாதியாகும். அந்தக் கணக்கில், சிறு துளைகள் கொண்ட அப்படியான ஒரு தலை நம் தாங்கித் தண்ணீரில் நிமிடத்துக்கு இரண்டு லீற்றரை ஒட்டித்தான் தரும். முடியிலுள்ள ஷாம்பு போகாது. குளிப்பவர் இரண்டு மடங்கு நேரம் நிற்பார், அல்லது ஒரு கிழமையில் அதைக் கழற்றிவிடுவார்.

அழுத்த மோட்டர் உள்ளவர்களுக்கும், வீதிக் குழாயில் நேரடியாக எடுப்பவர்களுக்கும் அந்தத் தலை உண்மையில் உதவும். அவர்களும் செலவில்லாமல் ஒன்றை முதலில் செய்து பார்க்கலாம். குளியலறைக்கு வரும் குழாயிலுள்ள வால்வைக் கொஞ்சம் பூட்டி, மீண்டும் வாளி வைத்து அளந்து, 7 அல்லது 8 லீற்றருக்குக் கொண்டுவந்து அப்படியே விட்டுவிடலாம்.

தாங்கித் தண்ணீர்க்காரர்களுக்கு இலாபம் வேறிடத்தில் இருக்கிறது. மகனின் பத்து நிமிடத்தைப் பிரித்துப் பார்த்தோம். உடலை நனைக்க ஒரு நிமிடம், சவர்க்காரமும் ஷாம்பும் போட ஐந்து நிமிடம், கழுவ நான்கு நிமிடம். நடுவிலுள்ள ஐந்து நிமிடமும் அவன் தண்ணீருக்கு வெளியே ஒதுங்கி நிற்கிறான். 40 லீற்றர் தரையில் விழுந்து போகிறது. அந்த நேரத்தில் பூட்டினால் குளிப்பில் எதுவும் குறையாது.

பிறகு ஏன் யாரும் பூட்டுவதில்லை? எங்கள் ஷவர்க் குழாய் பல தரம் திருகிப் பூட்டும் பழைய வகை. சவர்க்காரக் கையால் திருகுவது சிரமம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அதே அளவுக்குத் திறப்பதும் சிரமம். அதற்குப் பதிலாகக் கால் சுற்றில் திறந்து பூட்டும் கைபிடி வால்வு ஒன்றைத் தோள் உயரத்தில் பூட்டினோம். குழாய் வேலை செய்யும் தம்பி ஒருவர் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார். கைபிடியை ஒரு தட்டு தட்டினால் நிற்கும், மறு தட்டில் அதே ஓட்டம் வரும். இதன் பின்னர் மகனுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஷவர் தலையையும் கழற்றிப் பார்த்தோம். கிணற்றுத் தண்ணீரும் சேரும் வீடுகளில் துளைகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். சில துளைகள் அடைபட்டு, சில சாய்வாகச் சுவரில் பீச்சும். அப்போது உடலில் படும் தண்ணீர் குறைவதால் கழுவும் நேரம் நீளும். இரவில் தலையை வினாகிரியில் ஊறப்போட்டு, காலையில் பழைய பல் தூரிகையால் தேய்த்தால் போதும். கழுவும் நேரம் நான்கு நிமிடத்திலிருந்து மூன்றானதில் இதற்கும் பங்குண்டு.

ஷவர் சொட்டுவதையும் கவனிக்க வேண்டும். பூட்டியவுடன் சிறிது நேரம் சொட்டுவது தலையில் தேங்கிய தண்ணீர், அது பிழையல்ல. பத்து நிமிடம் கழித்தும் சொட்டினால் வால்வின் உள்ளே வொஷர் தேய்ந்திருக்கிறது. செக்கனுக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லீற்றர், மாமியின் ஒரு முழுக் குளிப்பு. மாதத்தில் அரை அலகுக்கு மேல்.

வாளியில் எதை மாற்றுவது?

இங்கே முதல் மாற்றம் என்னுடையது. நிரப்பு, குழாயைப் பூட்டு, பிறகு குளி. இதைத் தவிர வேறெதையும் மாற்றாமலே என் 66 லீற்றர் 25க்கு இறங்கியது.

அடுத்தது அள்ளும் கப்பின் அளவு. எங்களிடம் இருந்தது ஒன்றரை லீற்றர் கப். அதைச் சடாரென ஊற்றும்போது பாதி உடலில் படாமல் தெறித்துவிடும். அரை லீற்றருக்குச் சற்றுக் கூடிய சிறிய கப்பால், தலையிலோ தோளிலோ ஒட்டினாற்போல் மெதுவாக ஊற்றினால் அதே தண்ணீர் நெஞ்சு, முதுகு, கால் என்று வழிந்து இறங்கும். மற்றக் கையால் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். கழுவும்போது மேலிருந்து கீழாகப் போனால் ஒரே இடத்தை இரண்டு தரம் கழுவ வேண்டியிராது.

தண்ணீரின் தன்மையும் அளவை மாற்றும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். உப்பும் சுண்ணாம்பும் கூடிய தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. நுரை வரவில்லையென்று கூடப் போடுவோம், பிறகு அந்தப் பிசுபிசுப்பு போக இரண்டு மடங்கு ஊற்றுவோம். அப்படியான கிணறு உள்ளவர்கள் முதலில் கிணற்றுத் தண்ணீரால் நனைந்து, சவர்க்காரம் போடவும் கடைசியாகக் கழுவவும் ஒரு சிறிய வாளிக் குழாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டால் இரண்டும் மிச்சம்.

எங்கே நிறுத்துவது?

குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கடமையான குளிப்பில் உடல் முழுவதும் தண்ணீர் பட வேண்டும், முடியின் அடி வரை நனைய வேண்டும். அதில் மிச்சம் பிடிக்க இடமில்லை. ஆனால் அதற்கு வாளி வாளியாகத் தேவையில்லை என்பதும் நம்மிடம் பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையான தண்ணீரில் குளித்தார்கள், ஒரு முத்துத் தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்பது புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்தி. நான்கு முத்து சேர்ந்தது ஒரு ஸாஉ, பித்ரா அரிசி அளக்கும் அதே அளவு. இன்றைய கணக்கில் ஒரு ஸாஉ மூன்று லீற்றரை ஒட்டியது. சவர்க்காரமும் ஷாம்பும் போட்டுக் குளிக்கும் நாம் அதற்குள் முடிப்பது கடினம். ஆனாலும் 20 லீற்றர் குறைவு என்று முறையிட இடமில்லை.

வாளி எல்லாருக்கும் பொருந்துவதுமில்லை. முழங்கால் வலியுள்ளவர், கர்ப்பிணி, சத்திரசிகிச்சை முடிந்தவர் ஆகியோர் குனிந்து அள்ளுவது ஆபத்து. ஈரத் தரையில் குனிந்து நிமிரும்போதுதான் பலர் விழுகிறார்கள். மாமிக்கு வாளியை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் வைத்தோம், அவர் கதிரையில் இருந்து அள்ளுகிறார். அதுவும் முடியாதவருக்குக் கைபிடி வால்வோடு கூடிய கை ஷவர் நல்லது. தண்ணீர் சற்றுக் கூடினாலும் அது வீண் அல்ல.

கிணற்றடியில் குளிப்பவர் கணக்கும் வேறு. அவர் 100 லீற்றர் ஊற்றினாலும் அதில் ஒரு பகுதி அதே மண்ணுக்குத்தான் இறங்குகிறது. பட்டியலில் ஏறுவது மோட்டரின் மின்சாரம். அவர் கவனிக்க வேண்டியது சவர்க்காரத் தண்ணீர் கிணற்றுக் கட்டுக்குள் திரும்பி வடியாமல் தென்னை, வாழைப் பக்கம் போகிறதா என்பதை. கோடையில் கிணற்று மட்டம் அடியைத் தொடும் மாதங்களில் அளவையும்தான்.

மாதக் கடைசியில்

மாற்றங்களுக்குப் பிறகு மறுபடி ஒரு கிழமை குறித்தோம். மாமி 20, மனைவி 30, இருவரிலும் மாற்றமில்லை. நான் 25. மகள் சவர்க்காரம் போடும்போது பூட்டுவதால் மூன்றரை நிமிடம், 28 லீற்றர். மகன் நான்கு நிமிடம், 32 லீற்றர். முன்பு ஐவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 244 லீற்றர், இப்போது 135. முப்பது நாளில் 3,270 லீற்றர், மூன்று அலகுக்கும் மேல். அடுத்த பட்டியல் 16 அலகு என்று வந்தது. குறைந்த மூன்று அலகும் மேல்படியிலுள்ள விலை கூடியவை.

மகன் இப்போதும் ஷவரில்தான் குளிக்கிறான், மாமி வாளியில்தான் குளிக்கிறார். யாரும் தங்கள் முறையை விடவில்லை. குறைந்த தண்ணீரின் பெரும்பகுதி எங்கிருந்து வந்ததென்று கூட்டிப் பார்த்தேன். மகனிடமிருந்து 48 லீற்றர், மகளிடமிருந்து 20, என்னிடமிருந்து 41. ஷவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த வாளிக்காரனின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் மேல்.

உங்கள் வீட்டில் இதைச் செய்ய ஒரு வாளியும் பத்து நிமிடமும் போதும். ஷவரையும் குழாயையும் தனித்தனியே அளந்து, இரண்டு எண்களையும் குளியலறைக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் கதவில் "ஷவர் 8, பைப் 12" என்று இருக்கிறது. எழுதியது மகன். 12 என்ற எண்ணின் கீழே "வாப்பா" என்றும் எழுதி வைத்திருக்கிறான்.